ஊசிக்கும் உணவுக்கும் இடையே: ஒரு மீன்முள் படம் காட்டிய மூலகாரணம்

எங்கள் மருத்துவமனையின் கூட்ட அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததும் அதைத் துடைத்துவிடுவது வழக்கம். சில வாரங்களுக்கு முன் ஒரு பிற்பகலில் அவ்வாறு துடைப்பதற்கு முன்னர், செவிலியர் ஒருவர் தம் கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். படத்தின் வலப்பக்க ஓரத்தில் ஒரு கட்டம். அதிலிருந்து இடப்பக்கமாக ஓடும் நீண்ட கோடு. அந்தக் கோட்டின் மேலும் கீழும் சாய்வாகக் கிளைத்த ஆறு கோடுகள். அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கோடுகள். வைகை அணை மீனைக் குழம்பிட்டு உண்டபின் இலையில் எஞ்சும் முள்ளைப் போன்ற தோற்றம். ஆகவேதான் அதற்கு மீன்முள் வரைபடம் என்று பெயர்.

ஒரே வார்டில் நாற்பது நாள்களுக்குள் மூன்று நோயாளிகளுக்குக் காலை வேளையில் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்தது ஏன் என்பதைக் கண்டறிய நாங்கள் கூடியபோது வரைந்த படம் அது. மூவரும் நலமடைந்து வீடு திரும்பினர். ஆயினும் மூன்றாம் முறை நிகழ்ந்தபின் அதைத் தற்செயல் என்று ஒதுக்க எங்களால் இயலவில்லை. நோயாளிகளை எவரும் அடையாளம் காணாதவாறு சில விவரங்களை மாற்றி, அந்தப் படம் எங்களை எங்கே கொண்டுசேர்த்தது என்பதை இங்கே விளக்குகிறோம். உடனிருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் அவர்கள் அறியவேண்டியதும் இதில் இருக்கிறது.

அன்று காலை நடந்தது

மூன்றாம் நோயாளி சின்னமனூர்ப் பக்கத்து விவசாயி. வயது அறுபதைக் கடந்தவர். கால் புண்ணுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். நீரிழிவுக்காக நாள்தோறும் காலையும் மாலையும் உணவுக்கு முன் இன்சுலின் ஊசி போடப்பட்டுவந்தது. இரவில் அவருடன் தங்கும் மகன், ஏலத்தோட்ட வேலைக்காகக் கேரளத்துக்குச் செல்லும் ஜீப்பைப் பிடிக்க விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அவருடைய மனைவி காலைப் பேருந்தில் வீட்டு உணவுடன் எட்டு மணியளவில் வந்துசேர்வார். அன்று வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பேருந்து நெடுநேரம் நின்றுவிட்டது. அவர் வார்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

கணவரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. கேட்டதற்குத் தொடர்பில்லாத விடை வந்தது. அம்மையார் உடனே செவிலியரை அழைத்தார். விரல் நுனியில் பார்த்த சர்க்கரை அளவு 46 மில்லிகிராம். நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். 54க்குக் கீழே இறங்கினால் மூளையின் செயல்பாடு குழம்பத் தொடங்கும். காலந்தாழ்த்தினால் வலிப்பும் நினைவிழப்பும் நேரலாம். அவருக்கு உடனடியாக நரம்பு வழியே குளுக்கோஸ் செலுத்தப்பட்டது. சில நிமிடங்களில் தெளிந்து, மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார்.

முந்தைய இருவருக்கும் ஏறத்தாழ இதே நேரத்தில், எட்டு மணிக்கும் ஒன்பதரை மணிக்கும் இடையில், இவ்வாறே நிகழ்ந்திருந்தது.

மீனின் தலையில் எழுதவேண்டியது

இந்த வரைபடத்தை உருவாக்கியவர் ஜப்பானியப் பொறியியலாளர் கவோரு இஷிகாவா. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், தொழிற்சாலைகளில் ஒரு குறைபாட்டுக்குப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதைக் கண்டு, அவற்றை ஒரே தாளில் பிரித்துக் காட்டுவதற்காக இவ்வடிவத்தைக் கையாண்டார். நம் மாநிலத்திலும் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலைகள் பலவற்றில் இது நெடுநாள் பழகிய கருவி. மருத்துவமனைகள் அதைத் தொழிற்சாலைகளிடமிருந்தே கற்றுக்கொண்டன.

மீனின் தலையில் நிகழ்ந்த கேடு எழுதப்படும். எளிதாகத் தோன்றும் இந்த முதற்படியிலேயே நாங்கள் தடுமாறினோம். ஒருவர், "இன்சுலினைத் தவறாகப் போட்டது" என்று எழுதச் சொன்னார். அவ்வாறு எழுதினால் காரணத்தை முன்கூட்டியே முடிவுசெய்தவர்களாவோம். தலையில் இருக்கவேண்டியது தீர்ப்பு அன்று. கண்ணால் கண்டதும் கருவியால் அளந்ததும் மட்டுமே. இறுதியில், "ஆண்கள் வார்டு, காலை 8 முதல் 9.30 வரை, இன்சுலின் பெறும் மூவருக்குச் சர்க்கரை 54க்குக் கீழ்" என்று எழுதினோம். எந்த வார்டு, எந்த நேரம், எத்தனை பேர், எந்த அளவு ஆகிய நான்கும் அதில் இருந்தன. பின்னர் தேடலுக்கு வழிகாட்டியதும் அந்த நேரக் குறிப்புத்தான்.

முதுகெலும்பிலிருந்து கிளைத்த ஆறு முட்களுக்கு நோயாளி, பணியாளர், நடைமுறை, மருந்தும் கருவியும், தகவல் பரிமாற்றம், சூழல் எனப் பெயரிட்டோம். இப்பிரிவுகள் இடத்துக்கு இடம் மாறலாம். அவற்றின் பயன் ஒன்றே: முதலில் மனத்தில் தோன்றிய காரணத்தையே பிடித்துக்கொண்டு நிற்காமல், மற்றப் பக்கங்களையும் திரும்பிப் பார்க்கவைப்பது. அன்று பலரும் முதலில் சொன்னது பணியாளர் முள்ளையும் நோயாளி முள்ளையும் சேர்ந்தவையே. "இரவுப் பணிச் செவிலியர் கவனிக்கவில்லை" என்றார் ஒருவர். "வீட்டார் உணவைத் தாமதமாகக் கொண்டுவந்தனர்" என்றார் மற்றொருவர். இரண்டும் எழுதப்பட்டன. ஆனால் மற்ற நான்கு முட்களும் வெறுமையாக நின்றது அனைவர் கண்ணிலும் பட்டது. அதன்பிறகே சமையற்கூட மேற்பார்வையாளரும் மருந்தாளுநரும் பேசத் தொடங்கினர். கூட்டம் முடிந்தபோது பலகையில் பதினெட்டுச் சிறுமுட்கள் இருந்தன.

படம் எடுத்ததன் பயன்

பலகையில் உள்ள பதினெட்டும் ஐயங்களே. ஒன்றுகூட நிறுவப்பட்ட காரணம் அன்று. மீன்முள் படத்தைப் பயன்படுத்துவோர் மிகுதியாகத் தவறும் இடம் இது. அழகாக வரைந்து, ஒரு முள்ளைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, கைதூக்கி வாக்கெடுத்து, அதுவே மூலகாரணம் என்று கூட்டத்தை முடித்துவிடுவார்கள். அறையில் யாருடைய குரல் உயர்ந்ததோ அவருடைய ஐயமே காரணமாகிவிடும். அந்த அறைக்குள் வராதவர்களுக்குத் தெரிந்த செய்தியோ பலகையில் ஏறாமலே போய்விடும்.

எனவே அந்தப் படத்தை அச்சிட்டு, ஒவ்வொரு சிறுமுள்ளின் அருகிலும் இரண்டு செய்திகளைக் குறித்தோம்: இது உண்மையா என்பதை எங்கே பார்த்தால் தெரியும், யார் பார்ப்பது. ஒரு வார காலம் அந்த அச்சுத்தாளே எங்கள் வேலைப்பட்டியலாக இருந்தது. சரிபார்த்துத் தள்ளியவற்றின் மேல் குறுக்குக் கோடும், நின்றவற்றின் மேல் சரிக்குறியும் இட்டோம். நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ பலகையில் எழுதப்படவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்றே குறித்திருந்தோம். படம் ஒருவர் கைபேசியிலிருந்து மற்றொருவருக்குப் போகக்கூடியது என்பதால் இந்த எச்சரிக்கை அவசியமாயிற்று.

ஒவ்வொரு முள்ளாகச் சோதித்தோம்

மருந்தும் கருவியும் என்ற முள்ளில் மிகவும் அஞ்சத்தக்க ஐயம் ஒன்று இருந்தது. நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் இருவகைச் செறிவில் கிடைக்கின்றன. ஒன்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகுகள். மற்றொன்றில் 100 அலகுகள். ஊசிக்குழல்களும் அவற்றுக்கேற்ப இருவகை. 40க்கு உரியதன் மூடி சிவப்பு. 100க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடிக் குழலில் எடுத்தால், குழலில் 10 என்று காட்டும் அளவில் உண்மையில் 25 அலகுகள் இருக்கும். மருந்தாளுநர் வார்டின் குளிர்பெட்டியையும் வழங்கல் பதிவேட்டையும் பார்த்தார். அந்த நாற்பது நாள்களிலும் வார்டுக்கு 40 அலகுக் குப்பிகளும் சிவப்பு மூடிக் குழல்களும் மட்டுமே சென்றிருந்தன. அந்த முள்ளின் மேல் குறுக்குக் கோடு விழுந்தது.

சர்க்கரை அளக்கும் கருவி பிழையாகக் காட்டியிருக்குமோ என்ற ஐயமும் இருந்தது. இருவருக்கு அதே நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய இரத்தத்திலும் அளவு குறைவாகவே இருந்தது. அதுவும் நீங்கியது.

நோயாளி முள்ளில் சிறுநீரகக் கோளாறு எழுதப்பட்டிருந்தது. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் இன்சுலின் நெடுநேரம் தங்கும் என்பதால் அது ஏற்கத்தக்க ஐயமே. ஆனால் மூவரில் ஒருவருக்கு மட்டுமே அக்கோளாறு இருந்தது. அவருக்கு நேர்ந்ததை அது மிகையாக்கியிருக்கலாம். மூவருக்கும் நேர்ந்ததை அது விளக்காது. ஆகவே அதைத் துணைக்காரணம் என்று குறித்தோம்.

அடுத்ததாக வீட்டு உணவு. திருவிழாக் கூட்டமும் பேருந்துத் தாமதமும் கேட்போருக்கு உடனே மனத்தில் பதியும் காரணங்கள். ஆனால் பதிவேட்டைப் பார்த்தபோது, முதல் இரு நோயாளிகளும் மருத்துவமனை உணவையே உண்டவர்கள் என்பது தெரிந்தது. திருவிழா தொடங்குவதற்கு முன்பே அவர்களுக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. பேருந்து குறித்த நேரத்தில் வந்திருந்தாலும் அந்த விவசாயி எட்டு மணிக்கு முன்பு உண்டிருக்க முடியாது. குடும்பத்தார் மீது சுமத்தப்பட்டிருந்த பழி அத்துடன் நீங்கியது.

ஒரு காரணம் உண்மையானது என்று கொள்வதற்கு நாங்கள் வைத்திருந்த சோதனை எளியது. அது மூன்று நிகழ்வுகளையும் விளக்கவேண்டும். அத்துடன், வேறிடத்தில் அது ஏன் நிகழவில்லை என்பதையும் விளக்கவேண்டும். ஆகவே அடுத்த வார்டையும் பார்த்தோம். அங்கும் இன்சுலின் பெறுவோர் அதே எண்ணிக்கையில் இருந்தனர். மருந்தும் அதுவே, சமையற்கூடமும் அதுவே. அந்த நாற்பது நாள்களில் ஒருவருக்கும் காலையில் சர்க்கரை குறையவில்லை. வேறுபாடு ஒன்றே ஒன்று. அங்கே இரவுப் பணியில் ஒரே ஒரு செவிலியர் இருந்ததால், காலை ஊசிகளைப் பகல் பணியினர் வந்தபின் ஏழேமுக்காலுக்குப் போட்டனர். எங்கள் வார்டிலோ ஆறரைக்கே முடித்துவிட்டனர். வேலையைத் தள்ளிப்போட்டதாகக் கருதப்பட்ட வார்டு பாதுகாப்பாக இருந்தது. நேரம் தவறாமல் முடித்த வார்டில் கேடு நிகழ்ந்தது.

'ஏன்' என்று தொடர்ந்து கேட்டபோது

இப்போது படத்தில் நின்றது ஒரு முள்: ஊசிக்கும் உணவுக்கும் இடைப்பட்ட நேரம். ஆனால் அதுவும் வேர் அன்று. அங்கிருந்து 'ஏன்' என்ற வினாவைத் திரும்பத் திரும்ப எழுப்பினோம்.

சர்க்கரை ஏன் குறைந்தது? அவ்வார்டில் அளித்தது உணவுக்கு அரைமணி முன்பு போடவேண்டிய வகை இன்சுலின். அதன் வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சமடையும். ஆறரைக்குப் போட்டால் எட்டரைக்கு மேல் அது முழுவீச்சில் செயல்படும். அப்போது இரைப்பை வெறுமையாக இருந்தது.

வெறுமையாக இருந்தது ஏன்? காலை உணவு வார்டுக்கு வந்தது எட்டேகால் மணிக்கு. தட்டு கடைசிப் படுக்கையை அடைய மேலும் நேரமாயிற்று.

அவ்வாறாயின் ஊசியை ஆறரைக்குப் போட்டது ஏன்? ஏழரை மணிக்கு இரவுப் பணியினர் பொறுப்பை ஒப்படைக்கவேண்டும். அதற்குள் காலை ஊசிகள் அனைத்தையும் முடிக்கவேண்டும் என்பது வார்டின் வழக்கம். மருந்துத் தாளிலும் இன்சுலினுக்கு நேரே 'காலை 6.30' என்று அச்சிடப்பட்டிருந்தது. செவிலியர்கள் தாளில் உள்ளபடியே செய்திருந்தனர்.

தாளில் அவ்வாறு அச்சிட்டது ஏன்? அது அச்சான காலத்தில் காலை உணவு ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தது. அரைமணி இடைவெளி அன்று சரியாகவே இருந்தது.

உணவு நேரம் மாறியபின் தாள் மாறாதது ஏன்? நீரிழிவு நோயாளிகளுக்கும் உப்புக் குறைக்க வேண்டியவர்களுக்கும் தனித்தனியே சமைக்கத் தொடங்கியபோது சமையற்கூடத்துக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. அதனால் காலை உணவு எட்டேகாலுக்குத் தள்ளப்பட்டது. நல்ல நோக்கத்தில் செய்த மாற்றம் அது. சுற்றறிக்கை எல்லா வார்டுகளுக்கும் வந்தது. அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டது. ஆனால் உணவு நேரம் மாறினால் எந்தெந்த மருந்தின் நேரமும் மாறவேண்டும் என்று பார்ப்பது எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. சமையற்கூடம் தன் அட்டவணையை மாற்றியது. மருந்துத் தாள் தன் அட்டவணையிலேயே நின்றது. இரண்டையும் பிணைக்கும் கயிறு இல்லை.

இதையே மூலகாரணமாகக் கொண்டோம். இன்னும் கேட்டுக்கொண்டே போகலாமே, ஏன் இங்கே நிறுத்தவேண்டும் என்று வினவலாம். இதைத் திருத்துவது எங்கள் கையில் இருக்கிறது. திருத்தினால் இந்தக் கேடு மட்டுமன்றி, உணவோடு சேர்த்து உட்கொள்ளவேண்டிய மற்ற மருந்துகளில் நேரக்கூடிய கேடுகளும் தடுக்கப்படும். இவ்விரண்டு நிபந்தனைகளும் நிறைவேறும் இடத்தில் நிறுத்துவதே முறை. 'கவனக்குறைவு' என்ற சொல்லில் நிறுத்தியிருந்தால் ஒரு செவிலியருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிருக்கும். மறுநாள் வேறொருவர் அதே தாளைப் பார்த்து அதே ஆறரை மணிக்கு ஊசி போட்டிருப்பார்.

அம்மையார் சொன்ன செய்தி

படத்தில் தகவல் பரிமாற்றம் என்ற முள் கூட்டத்தன்று ஏறத்தாழ வெறுமையாகவே இருந்தது. அதை நிரப்பியவர் அந்த விவசாயியின் மனைவி. அவர் வீடு திரும்புவதற்கு முன் அவரிடம் பேசினோம். "ஊசி போட்டாச்சுன்னு எனக்கு யாரும் சொல்லலைங்கம்மா. மகன் விடியுமுன்ன போயிருவான், நான் எட்டு மணிக்குத்தான் வருவேன். தெரிஞ்சிருந்தா முதல் நாளே ரெண்டு வாழப்பழத்தத் தலமாட்டுல வச்சிட்டுப் போயிருப்பேன்" என்றார்.

இரவில் உடனிருப்பவர் கிளம்பியபின், பகலில் உடனிருப்பவர் வரும்வரை, நோயாளி தனியே இருக்கும் நேரம் ஒன்று உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெளிவாயிற்று. ஏலத்தோட்டத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் விடியலில் வேலைக்குச் செல்வோர் மிகுந்த கம்பம் பள்ளத்தாக்கில் இது பல குடும்பங்களின் நிலை. வியர்ப்பையும் தடுமாற்றத்தையும் முதலில் கவனிக்கக்கூடியவர் அருகில் இல்லாத அதே நேரத்தில்தான் ஊசியும் உச்சத்தை எட்டியது. இது மூலகாரணம் அன்று. ஆனால் கேடு கண்டறியப்படத் தாமதமானதற்கு அதுவே காரணம். கூட்டத்துக்குக் குடும்பத்தார் ஒருவரையும் அழைக்காதது எங்கள் படத்தின் குறை.

மாற்றியவை

மருந்துத் தாளிலிருந்து 'காலை 6.30' என்ற அச்சு நீக்கப்பட்டது. இப்போது அவ்விடத்தில் உணவு வண்டி புறப்பட்டதைக் குறிக்கும் கட்டம் இருக்கிறது. வண்டி சமையற்கூடத்தை விட்டுக் கிளம்பும்போது வார்டுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கிறார்கள். அதன்பிறகே பகல் பணிச் செவிலியர் சர்க்கரையை அளந்து ஊசி போடுகிறார். தட்டு நோயாளியின் கைக்கு வரும்போது ஏறத்தாழ அரைமணி ஆகிறது. வண்டி வழியில் தடைபட்டால் கொடுப்பதற்கு வார்டிலேயே சிற்றுணவு வைக்கப்பட்டுள்ளது. வீட்டு உணவு உண்பவர்களுக்கு, உணவு வார்டுக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்த பின்பே ஊசி. உணவு நேரத்தை மாற்றும் எந்தச் சுற்றறிக்கையும் இனி மருந்தாளுநரின் கையொப்பமின்றி வெளியாகாது. இந்தக் கடைசி மாற்றமே அறுந்திருந்த கயிற்றைக் கட்டியது.

அதன்பின் அந்த வார்டில் காலைத் தாழ்சர்க்கரை இதுவரை நிகழவில்லை. அதை மட்டும் வைத்து நோய் தீர்ந்தது என்று நாங்கள் கூறமாட்டோம். அரிதாக நிகழும் ஒன்று சில வாரங்கள் நிகழாதிருப்பது இயல்பே. ஆகவே நாள்தோறும் ஊசி போட்ட நேரத்தையும் முதல் கவளம் உண்ட நேரத்தையும் குறித்துவருகிறோம். முன்பு ஒன்றேமுக்கால் மணிக்கும் மேலாக இருந்த இடைவெளி பெரும்பாலான நாள்களில் அரைமணிக்குள் அடங்கியிருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நீண்டுவிட்டது. அன்று வண்டி தள்ளுவதற்கு ஒரே பணியாளர் இருந்தார் என்பது தெரிந்தது. அதற்கும் ஏற்பாடு செய்துவருகிறோம்.

உடனிருப்போர் செய்யக்கூடியவை

இன்சுலின் பெறும் ஒருவருடன் நீங்கள் இருந்தால், ஊசி போடும்போது அது உணவுக்கு எவ்வளவு நேரம் முன்பு போடவேண்டிய வகை என்று கேளுங்கள். சில வகைகளை உண்ணத் தொடங்கும்போதே போடவேண்டும். சிலவற்றுக்கு அரைமணி வேண்டும். சில வகைகளுக்கு உணவோடு தொடர்பே இல்லை. உணவு வரத் தாமதமாகும் என்றால் ஊசிக்கு முன்பே செவிலியரிடம் சொல்லுங்கள். நீங்கள் கிளம்பியபின் நோயாளி தனியே இருப்பார் என்றால் அதையும் தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், குழறும் பேச்சு ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். வார்டில் இருந்தால் உடனே செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்து, நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால்மணி கழித்துச் சர்க்கரையை மீண்டும் அளந்து, 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு உண்ணவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 108க்கு அழையுங்கள்.

வீட்டிலும் தாழ்சர்க்கரை திரும்பத் திரும்ப வருமானால், 'அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை' என்ற ஒரு வரியோடு நிற்கவேண்டாம். விடியல் ஜீப்புக்காக ஐந்து மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, தோட்டத்தில் ஒன்பது மணிக்குத் தூக்குவாளியைத் திறப்பவருக்கும் நேர்வது, எங்கள் வார்டில் நேர்ந்ததே. ஊசி போட்ட நேரம், உண்ட நேரம், அன்று செய்த வேலை, சர்க்கரை குறைந்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் சில நாள்கள் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசியின் நேரத்தையோ வகையையோ நீங்களாக மாற்றாதீர்கள். வேலைக்கு ஏற்றவாறு மருத்துவர் அதை மாற்றித் தருவார்.

அந்தப் படத்தின் அச்சுப்பிரதி இப்போது வார்டின் செவிலியர் அறையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பதினெட்டு முட்களில் பெரும்பாலானவற்றின் மேல் குறுக்குக் கோடுகள். கூட்டத்தன்று வெறுமையாக இருந்த தகவல் பரிமாற்றம் என்ற முள்ளில் மட்டும், பிற்பாடு வேறு மையில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது: "ஊசி போட்டது உடனிருப்போருக்குத் தெரியாது." உங்கள் நோயாளிக்கு நேர்ந்த ஏதேனும் ஒன்றை நாங்கள் கவனிக்கத் தவறியிருந்தால், வார்டு பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் பலகை துடைக்கப்படுவதற்கு முன் அது அங்கே எழுதப்படும்.